மின்போர்வையை விரிக்கும் முன்: கையும் கண்ணும் செய்ய வேண்டிய சோதனை

அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவைப்பார்கள். அடுத்த இரண்டு வாரங்களில், மெத்தையின் மேல் விரித்துப் படுக்கும் மின்போர்வைகள், கட்டிலுக்கு அடியிலும் அலமாரி உச்சியிலும் கிடந்தவை எல்லாம் வெளியே வந்துவிடும். வாடகை வீடுகளில் இருக்கும் மின்சாதனங்களைச் சோதித்துச் சீட்டு ஒட்டுவது என் வேலை. அந்த இரண்டு வாரங்களும் வேலைக்கு வெளியிலும் எனக்கு அழைப்புகள் வரும். பெரும்பாலும் நம் ஊரிலிருந்து புதிதாக வந்த நர்சுகள், மாணவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோர். முதல் குளிர்காலம். யாரோ கொடுத்த போர்வை. போடலாமா என்று கேட்பார்கள்.

போன ஆண்டு மதுரையிலிருந்து வந்த ஓர் அக்கா அழைத்தார். மருத்துவமனையில் உடன் வேலை பார்த்தவர் வீடு மாறும்போது ஒரு மின்போர்வையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அக்கா அதை இரண்டு இரவு போட்டுப் படுத்தும் விட்டார். “நன்றாகத்தான் வேலை செய்கிறது தம்பி. எல்லா இடத்திலும் மிதமான சூடு, கெண்டைக்கால் படுகிற ஓர் இடத்தில் மட்டும் நல்ல சூடு. அங்கே காலை வைத்துக்கொண்டால் இதமாக இருக்கிறது” என்றார். எதற்கும் ஒரு தடவை பார்த்துவிடச் சொல்லித்தான் அழைத்திருந்தார். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நான் வரும்வரை தொடாமல் இருக்கச் சொன்னேன். அந்த இதமான இடம்தான் அந்தப் போர்வையின் நோய்.

ஃபியூஸ் ஏன் காப்பாற்றாது

பழுதான ஒயர் இருந்தால் ஃபியூஸ் போய்விடும், அல்லது வீட்டுப் பலகையில் உள்ள டிரிப் சுவிட்ச் விழுந்துவிடும் என்ற நம்பிக்கை பலருக்கும் உண்டு. மின்போர்வையைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் நடக்காது. காரணம் எளிய கணக்கு.

ஒற்றைக் கட்டிலுக்கான மின்போர்வை சுமார் 60 வாட். 230 வோல்ட்டில் அது இழுக்கும் மின்னோட்டம் கால் ஆம்பியரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அதன் பிளக்கில் இருப்பது 3 ஆம்பியர் ஃபியூஸ். ஒயருக்குள் ஓர் இழை அறுந்து, மிச்ச இழைகள் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் மின்னோட்டம் கூடாது, கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஃபியூஸ் பார்வையில் எல்லாம் சரியாகவே இருக்கும். கசிவு மின்சாரத்தைப் பிடிக்கும் டிரிப் சுவிட்சும் பெரும்பாலும் அசையாது. இந்தப் போர்வைகளில் தரை ஒயர் கிடையாது, மெத்தை உலர்ந்திருக்கும்வரை மின்சாரம் கசிந்து போக வழியும் இல்லை.

இப்போது சூட்டைப் பாருங்கள். 60 வாட் சூடு 15 மீட்டர் ஒயரில் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். மீட்டருக்கு 4 வாட் வருகிறது. உடம்புக்கு இதம். அதே ஒயரில் ஓரிடம் நைந்து, அங்கே மட்டும் 5 வாட் சேர்ந்தால், அந்த 5 வாட்டும் ஒரு பச்சைப்பயறு அளவு இடத்தில் குவியும். துணி கருக அது போதும். ஒயர் நையாமலேயே இரண்டு வரிசைகள் மடிப்பில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் இதேதான்: இரண்டு ஒயரின் சூடு ஒரே இடத்தில், மேலே கனத்த போர்வை, கீழே மெத்தை. சூடு வெளியேற வழியே இல்லை.

இதைத் தடுக்கத்தான் நவீனப் போர்வைகளில் ஒயரையே ஒரு காவலாளியாக அமைத்திருக்கிறார்கள். மெல்லிய நார் ஒன்றின் மேல் சூடேறும் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும். அதன் மேல் ஒரு தனி வகைப் பிளாஸ்டிக் உறை, அதன் மேல் இரண்டாவது கம்பி, எல்லாவற்றுக்கும் மேல் வெளி உறை. எங்காவது அளவுக்கு மீறிச் சூடானால் நடுவில் உள்ள பிளாஸ்டிக்கின் தன்மை மாறும், அல்லது அது உருகி இரண்டு கம்பிகளும் தொட்டுக்கொள்ளும். ஒயரின் நடுவே இருக்கும், சூட்டைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலர் அதை உணர்ந்து இணைப்பைத் துண்டித்துவிடும். நல்ல ஏற்பாடு. ஆனால் கன்ட்ரோலர் சரியாக இருந்தால்தான் அது நடக்கும். இன்னும் பழைய போர்வைகளில் இந்த ஏற்பாடே கிடையாது, துணிக்குள் அங்கங்கே பட்டாணி போல உட்கார்ந்திருக்கும் சிறு தெர்மோஸ்டாட்டுகள் மட்டும்தான். அவற்றுக்குப் பக்கத்தில் சூடேறினால் தெரியும், ஓர் அடி தள்ளிச் சூடேறினால் தெரியாது. ஆகவே உங்கள் கண்ணும் உள்ளங்கையும்தான் முதல் காவல்.

முதலில் லேபிள்

பிளக்கைச் செருகாமல், ஓரத்தில் தைத்திருக்கும் லேபிளைப் படியுங்கள். வோல்ட் அளவு 220-240 என்று இருக்க வேண்டும். டொராண்டோவிலிருந்தோ நியூஜெர்சியிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த போர்வை என்றால் அது 120 வோல்ட்டுக்கானது. பயணத்துக்கு வைத்திருக்கும் அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. 60 வாட்டுக்குச் செய்த ஒயரில் இங்கே சுமார் 220 வாட் பாயும். இப்படிப்பட்ட போர்வையைச் சோதிக்கவே வேண்டாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து வயது. சில லேபிள்களில் தயாரித்த ஆண்டு இருக்கும், சிலவற்றில் இருக்காது. பத்து ஆண்டு ஆகிவிட்டால் மாற்றிவிடுங்கள் என்பது பிரிட்டனின் தீயணைப்புத் துறைகள் சொல்லும் அறிவுரை. அதில் காரணம் இருக்கிறது. ஒயரின் மேலுறை மென்மையாக இருப்பதற்காகச் சேர்க்கும் பொருள், சூட்டில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். பிறகு உறை விறைத்து, வளைக்கிற இடத்தில் வெடிக்கும். வெளியே துணி புதிது போல இருக்கும், உள்ளே உறை காய்ந்த வாழை நார் ஆகியிருக்கும். ஆண்டு தெரியாத, யாரிடமிருந்து யாரிடம் வந்தது என்றும் தெரியாத போர்வையை நான் பத்து வயது தாண்டியதாகவே எடுத்துக்கொள்வேன்.

லேபிளில் மாடல் எண் இருந்தால், gov.uk தளத்தில் திரும்பப் பெறப்படும் பொருள்களின் பட்டியலில் அதைத் தேடிப் பாருங்கள். இரண்டு நிமிட வேலை. லேபிளே இல்லை, பிய்த்து எடுத்திருக்கிறார்கள் என்றால் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை. அது எந்தக் கட்டிலுக்கு, எந்த கன்ட்ரோலருக்கு உரியது என்று சொல்ல யாராலும் முடியாது.

பகல் வெளிச்சத்தில் ஒரு பார்வை

இரவில் டியூப் லைட்டுக்குக் கீழே பார்க்காதீர்கள். பகலில், ஜன்னல் ஓரம். கருகல் எப்போதும் கறுப்பாக இருக்காது. முதலில் இளம் தேநீர் நிறத்தில் ஒரு கறை வரும். வெள்ளைத் துணியில் அதைப் பார்த்துத் தேநீர் சிந்திய கறை என்றே பலர் துவைக்கப் போடுவார்கள். ஒயர் ஓடும் தடத்தின் மேல் அந்த நிறம் இருந்தால் அது தேநீர் இல்லை. செயற்கை இழைத் துணி என்றால் நிறம் மாறுவதற்கு முன்பே அந்த இடம் வழவழப்பாகப் பளபளக்கும். விரலால் தடவினால் மற்ற இடங்களில் பஞ்சுபோல் இருப்பது அங்கே மட்டும் பிளாஸ்டிக் தாள் போல இருக்கும்.

பிறகு இருவராகச் சேர்ந்து போர்வையின் இரு முனைகளையும் பிடித்து ஜன்னலுக்கு நேரே தூக்குங்கள். வெளிச்சம் ஊடுருவும்போது ஒயர் வரிசைகள் நிழலாகத் தெரியும். சீரான இடைவெளியில், உழுத சால்கள் போல ஓட வேண்டும். ஒரு வரிசை பக்கத்து வரிசையின் மேல் சாய்ந்திருந்தாலோ, ஒன்றையொன்று குறுக்கே கடந்தாலோ, முனையில் வளைந்து திரும்பும் இடத்தில் நெளிந்து கூடு கட்டியிருந்தாலோ அந்தப் போர்வை முடிந்தது. கனத்த துணியாக இருந்தால் வெளிச்சம் போகாது. அப்போது கையை நம்ப வேண்டியதுதான்.

மதுரை அக்காவின் போர்வையை ஜன்னலில் தூக்கியபோது முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இரட்டைக் கட்டிலுக்கானது, இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கன்ட்ரோலர். தலைமாட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். வரிசைகளுக்கு இடையே நான்கு விரல் இடைவெளி, அழகாக இருந்தது. கால்மாட்டுக்கு ஒன்றரை அடி மேலே வந்தபோது, இடது பக்கத்தில் இரண்டு நிழல்கள் ஒன்றாகி, ஒரு சாண் தூரம் ஒரே கோடாக ஓடிப் பிறகு மறுபடியும் பிரிந்தன. அக்காவின் கெண்டைக்கால் படுகிற இடம்.

உள்ளங்கைச் சோதனை

போர்வையை மெத்தையின் மேல் தட்டையாக விரித்து, இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து மெதுவாக, ஒயருக்குக் குறுக்காகத் தேய்த்துக்கொண்டே போங்கள். சணல் கயிற்றின் மேல் கை போவது போல ஒவ்வொரு வரிசையும் தட்டுப்பட வேண்டும். தட்டுப்படும் இடைவெளி மாறினால் நின்று, அந்த இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்துப் பாருங்கள். பிறகு ஒயரின் போக்கிலேயே விரல்களை ஓட்டுங்கள். நான் தேடுவது மூன்று: முடிச்சு போன்ற புடைப்பு, திடீரென்று மெலிந்து தொய்யும் இடம், வளைத்தால் மெல்லிய நொறுங்கும் சத்தம். அந்தச் சத்தம் உறை வெடித்திருப்பதன் அறிகுறி. பழைய வகையில் தெர்மோஸ்டாட் புடைப்புகள் ஒழுங்கான இடைவெளியில் இருக்கும், அவை பழுது அல்ல. ஒழுங்கில்லாத இடத்தில் ஒற்றையாக நிற்கும் புடைப்புதான் பழுது.

மடித்து வைத்த தடங்களில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். நம் வீடுகளில் எந்தத் துணியையும் நான்காக, எட்டாக மடித்து, அதன் மேல் இன்னும் நாலு பெட்டியை ஏற்றி வைப்பது பழக்கம். மின்போர்வையை அப்படி வைத்தால் அந்த மடிப்பு ஒயரை ஒரே இடத்தில் ஒடிக்கிறது. பாய் போலச் சுருட்டித்தான் வைக்க வேண்டும், மேலே பாரம் ஏற்றக்கூடாது. அந்துருண்டையும் போடாதீர்கள். அதன் ஆவி ஒயரின் மேலுறையைக் கெடுக்கும். அந்துருண்டை வாசம் வீசும் போர்வை வந்தால் உறையை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

இன்னொன்று: ஊக்கு. போர்வை நழுவாமல் இருக்க மெத்தையோடு சேர்த்து ஊக்கு குத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். லேபிளில் ஒரு ஊக்குப் படம் போட்டு அதன் மேல் குறுக்குக்கோடு இருக்கும், அது இதைத்தான் சொல்கிறது. துணியில் ஊசித்துளை தெரிந்தால், அது ஒயர் தடத்தில் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் வேண்டாம். போர்வை நழுவினால் அதிலேயே தைத்திருக்கும் நாடாக்களை மெத்தையின் கீழே கட்ட வேண்டும். நாடா அறுந்திருந்தால் போர்வை இரவெல்லாம் சுருளும், சுருண்ட இடத்தில் சூடு சேரும்.

ஈரப் பூஞ்சையும் பார்க்க வேண்டியது. சாம்பல் நிறப் புள்ளிகளும் மக்கிய வாசமும் இருந்தால் அது ஈரத்தில் கிடந்த போர்வை. காய்வதற்காக அதைப் போட்டுச் சூடேற்றுவது மிக ஆபத்தான யோசனை.

ஒயர் போர்வைக்குள் நுழையும் இடம்

அறுபட வாய்ப்பு அதிகமுள்ள இடம், வெளியிலிருந்து வரும் ஒயர் துணிக்குள் நுழையும் இடம்தான். கட்டிலை நகர்த்தும்போது இழுபடும், சுவரோடு சேர்த்து நசுக்குவார்கள், குழந்தை பிடித்து இழுக்கும். பெரும்பாலான போர்வைகளில் இங்கே ஒரு தட்டையான பிளாஸ்டிக் கனெக்டர் இருக்கும், துவைப்பதற்காகக் கழற்றிக்கொள்ளலாம். அதைக் கழற்றி உள்ளே பாருங்கள். பின்கள் வெள்ளி போலவோ பித்தளை போலவோ பளிச்சென்று இருக்க வேண்டும். பின் அடியைச் சுற்றிப் பழுப்பு வளையம் இருந்தால், பிளாஸ்டிக் சற்றே இளகி ஓரம் வட்டமிழந்திருந்தால், இந்த இணைப்பு தளர்ந்து பொறி பறந்திருக்கிறது. திருப்பிச் செருகும்போது கிளிக் என்று ஒரு பூட்டு விழ வேண்டும். பாதி செருகிய கனெக்டர் வேலை செய்துவிடும், அதுதான் தொல்லை. விளக்கு எரியும், போர்வை சூடாகும், பின் மட்டும் உள்ளே கருகிக்கொண்டிருக்கும்.

அங்கிருந்து கன்ட்ரோலர் வரை, கன்ட்ரோலரிலிருந்து பிளக் வரை ஒயர் முழுவதையும் விரல்களுக்கு இடையே ஓட்டுங்கள். ஒவ்வோர் அடிக்கும் மெல்ல வளைத்துப் பாருங்கள். வெள்ளையாக வரி விழுந்தால் உறை காய்கிறது. உள்ளே பழுப்பு அல்லது நீல ஒயர் எட்டிப் பார்த்தால் முடிவு அங்கேயே. இன்சுலேஷன் டேப் சுற்றி ஒட்டிய இடம் இருந்தாலும் அதே முடிவுதான். ஒட்டியவர் உள்ளே என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியாது.

பிளக்கில் ஃபியூஸ் வைக்கும் இடத்தைத் திறந்து பார்க்க முடிந்தால் பாருங்கள். 3 என்று எழுதிய ஃபியூஸ் இருக்க வேண்டும். 13 இருந்தால், முன்பு எப்போதோ 3 போயிருக்கிறது, கைக்குக் கிடைத்ததைப் போட்டிருக்கிறார்கள். 3 ஆம்பியர் ஃபியூஸ் போகும் அளவுக்கு இந்தப் போர்வையில் என்ன நடந்தது என்ற கேள்விக்கு நல்ல பதில் ஒன்றும் இருக்காது. அந்தப் போர்வையை ஒதுக்கிவையுங்கள்.

சூடேற்றிப் பார்ப்பது

இதுவரை சொன்ன எதிலாவது குறை கண்டால் சூடேற்றிப் பார்க்கக் கூடாது. சூடேற்றிப் பார்த்தால் சரியாகத்தானே இருக்கிறது என்று மனம் சமாதானம் தேடும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் இந்தப் படி. பகலில் செய்யுங்கள், அறையை விட்டு வெளியே போகாதீர்கள், பிளக்கை நேரே சுவர் சாக்கெட்டில் கைக்கு எட்டும் இடத்தில் செருகுங்கள். எக்ஸ்டென்ஷன் வேண்டாம்.

போர்வையை மெத்தையில் தட்டையாக விரித்து, நாடாக்களைக் கட்டி, மேலே வழக்கமான விரிப்பை மட்டும் போடுங்கள். முதலில் மிகக் குறைந்த எண்ணில் 15 நிமிடம். உள்ளங்கையை விட்டுப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். சின்னச் சூட்டு வேறுபாடும் அங்கேதான் எளிதில் தெரியும். வரிசை வரிசையாக, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை. பிறகு உச்ச எண்ணுக்கு மாற்றி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்த்தபடி அரை மணி நேரம். சூடு ஒரே சீராக ஏற வேண்டும். சில போர்வைகளில் கால் பகுதி மட்டும் கூடுதலாகச் சூடாகும்படி செய்திருப்பார்கள். அப்படியென்றால் கால் பகுதி முழுவதும், இடமும் வலமும் ஒரே அளவில் கூடுதலாக இருக்கும், பழுது அல்ல. ஒரு நாணயம் அளவோ, ஒரு கோடு போலவோ ஓரிடம் மட்டும் சுட்டால் அது சூட்டுப்புள்ளி. புறங்கையை அங்கே வைத்து நிதானமாகப் பத்து வரை எண்ண முடியவில்லையென்றால் யோசிக்க வேண்டியதில்லை.

குளிர்ந்த இடத்தையும் கவனியுங்கள். ஒரு பட்டை மட்டும் சூடாகவே இல்லை என்றால் உள்ளே ஓரிடத்தில் கம்பி அறுந்திருக்கலாம். அறுந்த முனைகள் தொட்டும் தொடாமலும் இருந்தால், சூடு வந்து வந்து போகும். புரண்டு படுத்தால் வருகிறது, மறுபடி புரண்டால் போகிறது என்று யாராவது சொன்னால் எனக்கு வயிறு கலங்கும். அந்த இடைவெளியில்தான் பொறி பறக்கிறது.

சமையலறையில் எண்ணெய்ச் சூடு பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி உங்களிடம் இருந்தால் அதையும் பயன்படுத்தலாம், துணியில் நன்றாகவே அளவு காட்டும். ஆனால் பத்து சென்டிமீட்டர் தூரத்தில் பிடியுங்கள். தள்ளிப் பிடித்தால் சுற்றியுள்ள இடத்தையும் சேர்த்துச் சராசரியைக் காட்டி, சின்னப் புள்ளியை மறைத்துவிடும்.

கருகல் வாசமோ, இளகிய பிளாஸ்டிக் வாசமோ, சுள் என்ற சத்தமோ வந்தால் கன்ட்ரோலரில் அணைத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். சுவர் சுவிட்சை அணைத்துப் பிளக்கை உருவுங்கள். புகை கண்டால் அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்து 999 அழையுங்கள். மெத்தைக்குள் புகைவது வெளியே தெரிவதைவிட அதிகமாக இருக்கும்.

கன்ட்ரோலர் பொய் சொல்கிறதா

சூடேற்றிய கையோடு கன்ட்ரோலரையும் சோதித்துவிடலாம். அரை மணி நேரம் ஓடிய பிறகு அதைக் கையில் எடுங்கள். இளஞ்சூடாக இருப்பது இயல்பு. பிடிக்க முடியாத சூடு, ரீங்காரம், குலுக்கினால் உள்ளே எதுவோ உருளும் சத்தம், மூடியில் விரிசல், இவை எதுவும் இயல்பு அல்ல. கன்ட்ரோலரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வது சிலர் வழக்கம். அதற்குத் தன் சூட்டை வெளியேற்றக் காற்று வேண்டும்.

பிறகு 0-வுக்குக் கொண்டுவாருங்கள், பிளக்கைப் பிடுங்காமல் அப்படியே விடுங்கள். இருபது நிமிடத்தில் போர்வை ஆறியிருக்க வேண்டும். விளக்கு அணைந்தும் போர்வை ஆறாமல் இருந்தால், உள்ளே சுவிட்ச் வேலை செய்யும் பாகம் ஒட்டிக்கொண்டுவிட்டது. இது கன்ட்ரோலர் பழுதுகளில் மிகவும் மோசமானது, ஏனென்றால் படுக்கப் போகுமுன் அணைத்துவிட்டேன் என்று நீங்கள் நம்பியிருப்பீர்கள். அடுத்து 1-க்கும் 3-க்கும் வேறுபாடு தெரிகிறதா என்று பாருங்கள். எந்த எண்ணில் வைத்தாலும் ஒரே சூடு என்றால் கன்ட்ரோலர் சூட்டைக் கட்டுப்படுத்தவில்லை. டைமர் இருந்தால் ஒரு மணி நேரம் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, தானாக அணைகிறதா என்று உறுதிசெய்யுங்கள். இந்தச் சோதனையை யாரும் செய்வதில்லை, டைமரை நம்பித் தூங்கிவிடுகிறார்கள்.

விளக்கு விட்டு விட்டு எரிவது, அல்லது திரையில் எண்ணுக்குப் பதிலாக ஓர் எழுத்து வருவது, பெரும்பாலும் கன்ட்ரோலர் பழுதை உணர்ந்துவிட்டது என்று பொருள். பிளக்கை உருவி, கனெக்டரைக் கழற்றி மறுபடி கிளிக் என்று செருகி, பத்து நிமிடம் கழித்து ஒரே ஒரு முறை முயலலாம். மறுபடியும் வந்தால் நிறுத்திவிடுங்கள். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள்: கன்ட்ரோலர் போய்விட்டது என்று முடிவுகட்டி, இன்னொரு போர்வையின் கன்ட்ரோலரை எடுத்து மாட்டுகிறார்கள். கனெக்டர் பொருந்திவிடும், போர்வையும் சூடாகும். ஆனால் பழைய கன்ட்ரோலர் கத்தியது போர்வைக்குள் இருக்கும் பழுதைப் பார்த்து. புதிய கன்ட்ரோலருக்கு அந்த ஒயரின் மொழி தெரியாது. காவலாளியை மாற்றிவிட்டுத் திருடனை வீட்டுக்குள் விட்ட கதைதான்.

ஹீட்டிங் பேட் என்றால்

இடுப்பு வலிக்கும் முழங்கால் வலிக்கும் போடும் ஹீட்டிங் பேடுக்கும் மேலே சொன்ன சோதனைகள்தாம், சென்னையில் இருந்தாலும் லண்டனில் இருந்தாலும். ஒயர் பேடுக்குள் நுழையும் இடத்தை இன்னும் கூர்ந்து பாருங்கள். உட்கார்ந்து எழும்போதெல்லாம் வளைவது அந்த இடம்தான். பேடைச் சட்டென்று இரண்டாக மடித்து முழங்காலைச் சுற்றிக் கட்டுவது, மடிப்பில் சூட்டுப்புள்ளியை உண்டாக்கும். முழங்காலுக்கு என்றே வளைந்த வடிவில் செய்த பேடை வாங்குங்கள். பேடின் மேல் படுக்காதீர்கள், உடம்பின் மேல் அதை வையுங்கள். உடம்பின் பாரம் ஒயரையும் நசுக்கும், சூட்டையும் அடைத்துவைக்கும்.

இதில் பேட் பழுதாகாமலேயே காயம் வரக்கூடும். 44 டிகிரி சூடு தோலில் சுமார் ஆறு மணி நேரம் தொடர்ந்து பட்டால் புண்ணாகும் என்பதை மோரிட்ஸ், ஹென்ரிக்கஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1947இல் அளந்து காட்டினார்கள். சூடு இன்னும் சில டிகிரி கூடினால் அந்த ஆறு மணி நேரம் நிமிடங்களாகச் சுருங்கிவிடும். கால் மரத்துப்போன நீரிழிவு நோயாளிக்கு அது சுடுவதே தெரியாது. உங்கள் அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால், பேடில் தானாக அணையும் வசதி வேலை செய்கிறது என்று நீங்களே கடிகாரம் வைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள். தைலம் தேய்த்த இடத்தின் மேல் பேடை வைக்கவே கூடாது. தைலத்தின் எரிச்சல் எது, சூட்டின் எரிச்சல் எது என்று தோலுக்குப் பிரித்தறிய முடியாமல் போகும், மருந்தும் வேகமாக உள்ளே இறங்கும்.

அந்தப் போர்வைக்கு என்ன ஆயிற்று

இடது பக்கத்தில் ஒயர்கள் ஒட்டியிருந்த இடத்தை அக்காவின் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டினேன். அந்த ஒரு சாண் அளவுக்குத் துணி பளபளத்தது, பஞ்சுத்தன்மை போயிருந்தது. நடுவே மடிப்புத் தடம் தெளிவாக ஓடியது. நான்காக மடித்து எதற்கோ அடியில் வைத்திருக்கிறார்கள், அந்த மடிப்பில் தையல் விட்டு ஒயர் நகர்ந்துவிட்டது. அவர் படுத்த இரண்டு இரவும் கன்ட்ரோலர் எந்த எச்சரிக்கையும் தரவில்லை. சூடு அது துண்டிக்கும் அளவை எட்டியிருக்கவில்லை, துணியை இளக்கும் அளவை மட்டும் எட்டியிருந்தது.

“வலது பக்கம் நன்றாகத்தானே இருக்கிறது? இடது பக்கக் கன்ட்ரோலரைக் கழற்றி வைத்துவிட்டு வலது பக்கம் மட்டும் போட்டுக்கொள்கிறேனே” என்றார் அக்கா. வந்த புதிதில் ஒவ்வொரு பவுண்டும் கணக்குதான், அவர் கேட்டதில் தப்பே இல்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே துணி, ஒரே தையல், ஒரே மடிப்பில் ஒரே பாரத்தின் கீழ் கிடந்தவை. ஒரு பக்கம் தையல் விட்டிருக்கிறது என்றால் மறுபக்கம் இன்னும் விடவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒயரை நகர்த்தி மறுபடி தைக்கலாமா என்றும் கேட்டார். ஊசி ஒருமுறை உறையில் பட்டால் போதும், அதற்குப் பிறகு அது மின்சாரம் வெளியே தெரியும் போர்வை.

பிளக்கைப் பிடுங்கியிருப்பதை இருவரும் பார்த்துக்கொண்டோம். பிறகு கத்தரிக்கோலால் ஒயரைப் போர்வைக்கு ஒட்ட வெட்டினேன், பிளக்கின் அருகிலும் ஒரு வெட்டு. வெட்டாமல் குப்பையருகே வைத்தால், போகிற யாராவது நல்ல போர்வை என்று எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பழைய பொருள்களை விற்கும் தருமக் கடையிலும் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார்கள். நகராட்சியின் மறுசுழற்சி நிலையத்தில் மின்சாதனங்களுக்கென்று ஒரு தொட்டி இருக்கும், சனிக்கிழமை அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார். அந்த வாரம் முழுவதும் இரண்டு காலுறைகளைப் போட்டுக்கொண்டு படுத்ததாகச் சொன்னார். மாதச் சம்பளம் வந்ததும் புதிதாக ஒற்றைக் கட்டில் போர்வை வாங்கினார். பெட்டியைத் திறந்ததும், பிளக்கைச் செருகுமுன், ஜன்னலில் தூக்கிப் பிடித்து எனக்கு ஒரு படம் அனுப்பினார். ஒயர்கள் நான்கு விரல் இடைவெளியில், கால்மாடு வரை நேராக ஓடிக்கொண்டிருந்தன.